தலைகீழாய்க் கிடந்த பத்தாயிரம் ஆண்டு

மன்னாரின் பேசாலையில், லெம்பேட் வீட்டில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் யூட். அலையைக் கண்டால் வாந்தியெடுக்கும் முதல் ஆளும் அவன்தான் என்பதை மட்டும் அம்மா மாக்கிறட் யாருக்கும் சொல்வதில்லை.

சண்டை முடிந்து மூன்றாம் வருடம். மீளக்குடியேறிய வீட்டுக்குப் பாதிக் கூரைதான் வந்திருந்தது. அந்தப் பாதிக்குக் கீழே யூட்டின் நுணுக்குக்காட்டி இருந்தது. ஆழ்கடல் சேற்றை அலசி, கடுகிலும் சிறிய ஓடுகளை ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். பனியூழிக் காலத்தில் பாரம் குறைந்த ஒட்சிசன் துருவப் பனியில் அடைபட்டுப்போகும். கடலில் பாரமானது மிஞ்சும். அந்தக் கடல்நீரில்தான் இந்தச் சிற்றுயிர்கள் ஓடு கட்டின. ஆகவே ஓட்டிலுள்ள ஒட்சிசனை நிறுத்தால் அந்தக் காலத்தின் குளிர் தெரியும். இதை ஊருக்கு விளக்கப்போனபோது, "சேறு கழுவுறதுக்கோ கம்பஸ் போனனீ?" என்று கேட்டவர்கள் பலர்.

சேறு வந்த கதையும் பெருமைக்குரியதல்ல. மச்சான் றொட்னி கற்பிட்டியில் ஓட்டிய பலநாள் படகைப் பல்கலைக்கழகம் ஒரேயொரு பயணத்துக்கு அமர்த்தியது. ஈயக் கட்டியும் செட்டையும் வைத்த இரும்புக் குழாயைக் கண்ட கடற்படை அதிகாரி மூன்று கடிதம் கேட்டார். குழாய் மன்னார் வளைகுடாவின் ஆழத்தில் குத்தி இரண்டு மீற்றர் சேற்றுடன் ஏறியது. அதை நடுவில் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு மூடி போட வேண்டும். அந்த நேரம் ஆராய்ச்சியாளர் யூட் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டிருந்தார்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து அளவுகள் வந்தன. மீற்றருக்குப் பத்தாயிரம் ஆண்டு என்று மதித்து யூட் கோடு வரைந்தான். உலகமே பனியில் உறைந்திருந்தபோது மன்னார்க் கடலில் பனியூழியின் சுவடே இல்லை. பிறகு மெல்ல மெல்லக் குளிர்ந்து, ஒரே பாய்ச்சலில் வெப்பத்துக்குத் திரும்பியிருக்கிறது. அந்தாட்டிக்காவில் துளைத்தெடுத்த பனித்தூணின் கோடோ பதினெட்டாயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கி வெப்பத்துக்கு ஆறுதலாக ஏறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யூட், அந்தாட்டிக்காவில்தான் ஏதோ பிழை என்று முடிவுகட்டினான்.

மாக்கிறட் கருவாட்டு வாடிக்குப் போய், அங்கே மீன் காயப்போடும் செலீனாவிடம் சொன்னார்: "எங்கட மோன் கண்டுபிடிச்சிட்டான். உலகம் உறைஞ்ச நேரம் எங்கட கடல் குளிரவே இல்லையாம்."

பத்து நாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உரை. அதைக் கேட்டுத்தான் அவனை மேற்படிப்பில் வைத்திருப்பதா என்று தீர்மானிப்பார்கள். உரைக்கு ஒரு வர்ணனை வேண்டி றொட்னிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், அண்டைக்குக் குழாய் அறுத்தது ஞாபகம் இருக்கோ?"

"மறப்பனே. நடுவில வாள் சிப்பியொண்டில மாட்டிக் கிறீச்செண்டு கத்தினது. நீயும் அதே சத்தத்தில சத்தி எடுத்தனீ."

யூட் கணக்குப் போட்டான். வாள் சிப்பியை அறுத்திருந்தால், ஒரு பாதி மேல்துண்டின் அடியிலும் மறுபாதி கீழ்த்துண்டின் தலையிலும் இருக்க வேண்டும்.

நெடுக்காகப் பிளந்த குழாய்த் துண்டுகளின், ஆய்வுக்குத் தொடாத பாதிகள் ஊர் மீன் கம்பனியின் குளிர் அறையில், கணவாய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தன. ஓடினான். மேல்துண்டின் அடியில் அரைச் சிப்பி. கீழ்த்துண்டின் சிவப்பு முனையில் வெறும் சேறு. கறுப்பு முனையைச் சுரண்டினான். மற்ற அரைச் சிப்பி அங்கே சிரித்துக்கொண்டு கிடந்தது.

யூட் இரண்டையும் படம் எடுத்தான். மறுபடி றொட்னியை அழைத்தான்.

"இரண்டாம் துண்டுக்கு மூடி மாறிப் போட்டிருக்கிறாய்."

"நானோ? சிவப்பு எந்தப் பக்கமெண்டு கேட்டனான். நீ தலையைத் தூக்காமல் கையைக் காட்டினனீ. படிச்ச கையெல்லோ, நம்பினன்."

வீட்டுக்கு வந்து கீழ்த்துண்டின் அளவுகளைத் தலைகீழாகத் திருப்பி வரைந்தான். கோடு ஆறுதலாக ஏறி அந்தாட்டிக்காவுக்குப் பக்கத்தில் வந்து படுத்தது. மன்னாரின் தனிப்பெருமை அத்தோடு சரி.

"அப்ப எங்கட கடலும் குளிர்ந்ததோ?" என்றார் மாக்கிறட்.

"ஓம் அம்மா."

"செலீனாவுக்கு நீயே போய்ச் சொல்லு."

பேராதனையில் இரண்டு பாதிச் சிப்பிகளின் படத்தைத்தான் யூட் முதலில் காட்டினான். மூடி போட்டது யார் என்று பேராசிரியை கேட்டார். படகோட்டி என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. அந்த ஒற்றைச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"போட்டது படகோட்டி. பக்கம் காட்டியது நான். வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

மண்டபம் சிரித்து முடிய நேரம் எடுத்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. பதிவேட்டில் திருத்தத்தை எழுதி, கீழே அவனைக் கையொப்பமிடச் சொன்னார். படிப்பைத் தொடரலாம், ஆனால் ஓடுகளின் வயதைச் சொல்லும் காபன் திகதிகள் வந்து திருப்பிய கோட்டை உறுதிசெய்யும்வரை எதையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்றார். அடுத்த பயணத்தில் குழாயின் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியைப் படகோட்டி போடட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதை றொட்னிக்குச் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நீ ஏன்டா வாறாய்?"