பதிகத்தில் இல்லாத நெருப்பு

சனிக்கிழமை காலைகளில் சென்ட் லோரன்டில் ஒரு டோனட் கடையில், கியூபெக்கில் பிறந்து வளர்ந்த ஜெனிவியேவ் என்ற இளம்பெண் எனக்குப் பதிகம் படித்துக் காட்டுவாள். மொன்ட்ரியாலுக்கு வந்த பதினைந்து வருடங்களில் பலதுக்கும் பழகிவிட்டேன். மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்கு நிற்கவும், தொழிற்சாலையில் மாத்திரைப் போத்தல்களுக்குச் சரியான பக்கத்தில் பிரெஞ்சு லேபிள் வருகிறதா என்று எட்டு மணி நேரம் பார்க்கவும் பழகினேன். இதற்கு மட்டும் பழக முடியவில்லை. ஐந்து வயதிலிருந்து நான் கண்ணை மூடிக்கொண்டு பாடிய பாட்டை, அவள் கண்ணைத் திறந்துகொண்டு படித்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முதல் நாளே எங்கள் சத்தத்தைக் கேட்டுக் கடைக்காரப் பெண் அருகில் வந்து, விவாகரத்தா என்று இரக்கத்தோடு விசாரித்தாள். இல்லை, கடவுள் என்றேன். அவள் இன்னும் இரக்கத்தோடு கோப்பிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜெனிவியேவ் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் ஆராய்கிறாள். இடைக்காலக் கோயில்களில் சாதியும் பெண்களும் எப்படி இருந்தார்கள் என்பதைப் பதிகங்களிலிருந்து எடுக்க முடியுமா என்பது அவளுடைய கேள்வி. மதுரையில் இரண்டு வருடம் தமிழ் படித்தவள். பேசினால் வானொலிச் செய்தி கேட்பதுபோல் இருக்கும். "ஐயா, இவ்வடியை நீங்கள் எவ்வாறு பொருள் கொள்கிறீர்கள்?" என்பாள். நான் அதைப் பொருள் கொண்டதே இல்லை என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, டோனட்டைக் கடிப்பேன். இலவசத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் பகிடிக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்திரிகையில் சனங்கள் கறிவேப்பிலை சுற்றுவதை அந்த யாரோ சொல்லவில்லை.

அவள் படிக்கும் முறை விசித்திரமானது. பதிகத்தைக் கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குவாள். அங்கேதான் பாடியவர் தன் பெயரையும் ஊரையும் போடுகிறார். சிலர் கோத்திரத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கடவுளிடம் உருகி முடித்த கையோடு எதற்குக் கோத்திரம் என்று கேட்பாள். புலால் உண்ணும் கடைக்குலத்தார் ஆனாலும் சிவனுக்கு அன்பர் என்றால் அவரே நான் வணங்கும் கடவுள் என்ற பொருளில் ஒரு பாட்டு வரும். எங்கள் ஊர் மேடைகளில் சமத்துவத்துக்குச் சாட்சியாக அதைத்தான் சொல்லுவார்கள். அவளும் ஒத்துக்கொள்வாள். பிறகு, வணங்குகிறவர் யாரை வணங்குவது பெரிய காரியம் என்று நினைக்கிறார் பாருங்கள் என்பாள். அந்தக் காலத்தில் எது இழிவு என்று கருதப்பட்டதோ அதன் விலாசமும் அதே பாட்டில் இருக்கிறது. புகழ்ச்சியைக் கேட்க நின்ற இடத்தில் வசவும் காதில் விழுகிறது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். பதிகங்களில் பெண்கள் நிறைய. வீதியில் ஆடுகிறார்கள், மாடத்தில் பாடுகிறார்கள், காதலால் மெலிந்து வளையைக் கழலவிடுகிறார்கள். மெலிகிறவர்களில் பெரும்பாலானோர் பெண் குரலில் பாடும் ஆண் கவிஞர்கள். சைவத்தில் தானே பாடிய பெண்கள் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு விரலே மடங்கும். ஆனால் கல்வெட்டுகள் வேறு கதை சொல்கின்றன. கோயிலில் பதிகம் பாடுகிறவர்களுக்கு நெல்லும் நிலமும் எழுதிவைத்திருக்கிறார்கள். சில கோயில்களில் இன்ன பாட்டை இன்ன இடத்தில் பாடும் உரிமை தேவரடியார் என்ற கோயில் பெண்களுக்கு இருந்திருக்கிறது. தேவரடியார் தங்கள் சொந்தக் கையால் கோயிலுக்குத் தானமும் செய்திருக்கிறார்கள். பாட்டு ஆசையைச் சொல்லும், கல் உரிமையைச் சொல்லும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கோயில் தெரியும் என்பது அவள் கொள்கை.

எனக்குத் தெரிந்த கோயில் வேறு. அறுபதுகளின் கடைசியில், எனக்குப் பதினான்கு வயதில், எங்கள் ஊர்க் கோயிலுக்குள் விடச்சொல்லி ஒதுக்கப்பட்ட சாதியினர் வாசலில் வந்து இருந்தார்கள். உள்ளே எங்கள் ஆட்கள் கதவைச் சாத்தினார்கள். உள்ளே பதிகம் பாடினோம். வெளியேயும் பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே பதிகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் சுருதி அவர்களோடு சேர்ந்துபோகக் கூடாது என்று ஒரு பெரியவர் உயர்த்திப் பிடித்தார். பாதியில் எங்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டிப்போனது. வெளியே இருந்தவர்கள் முழுவதையும் பாடி முடித்தார்கள். இதை ஜெனிவியேவிடம் சொன்னபோது, அது எந்தப் பண் என்று கேட்டாள். சரித்திரக்காரர்களுக்கு எங்கே அழவேண்டும் என்று தெரியாது. எனக்கும் தெரியாததால் பண்ணின் பெயரைச் சொன்னேன்.

மலர் என்ற பெண் என்னிடம் வந்தது, ஜெனிவியேவ் எனக்குப் படித்துக் காட்டிய அந்த வருடம் வைகாசியில். நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்ட்ரியில், அதாவது பிள்ளை பராமரிப்பு நிலையத்தில், சமைக்கிறாள். அவளுடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் செய்தவர். பனையில் ஏறிக் கள் இறக்கியவர். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்தத் தகவல் குளிர்போலத் தானாகவே கதவிடுக்கால் வந்துவிடும். நல்ல குரல். சென்ட் லோரன்டில் பழைய சரக்குக் களஞ்சியம் ஒன்றில் நாங்கள் நடத்தும் கோயிலில், தேர்த் திருவிழாப் பூசை முடிவில் பஞ்சபுராணம் பாட ஆசைப்பட்டாள். பஞ்சபுராணம் என்பது ஐந்து வகைத் திருமுறைப் பாட்டுகளை வரிசையாகப் பாடுவது. ஐயர் பஞ்சபுராணம் என்று அழைப்பார், ஒருவர் பாடுவார், முடியும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள்.

"அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டிருக்கிறன் அண்ணை. அவ கோயில் எண்டால் வீதியில நிண்டுதான் கும்பிட்டவ. உள்ளுக்கு நிண்டு எங்கட குரல் ஒண்டை அவ ஒருக்காலும் கேட்கேல்லை. இப்ப நெஞ்சு வருத்தம். அடுத்த தேர் பாப்பாவோ தெரியாது."

"கோயில் தலைவரிட்டைக் கேட்டனீரோ?"

"கேட்டன். பொம்பிளையள் பாடுறது மரபில்லையாம். நீங்கள் படிச்ச ஆள். மரபு இருக்கெண்டு சொல்லுங்கோ."

படித்த ஆளிடம் உதவி கேட்பது ஆபத்தானது. அவன் உதவி செய்துவிடுவான். நிர்வாகக் கூட்டத்துக்குக் கல்வெட்டுகளோடு போனேன். எங்கள் தலைவர் சிவபாலன் பியர்பொன்ட்ஸ் புறநகரில் சொந்த வீடு வைத்திருப்பவர், கணக்காளர், சாந்தமானவர். நான் அரை மணித்தியாலம் பேசினேன். கோயில்களில் பெண்கள் பதிகம் பாடியிருக்கிறார்கள், அது அவர்களுக்கு எழுதிக்கொடுத்த உரிமை, தேவரடியார் என்று பெயர் என்றேன். முடித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பேச்சு அவர்களைத் தொட்டுவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன்.

"குணம் அண்ணை," என்றார் சிவபாலன், மிக மெதுவாக. "அப்ப மலரை அந்த ஆக்களைப்போல எண்டு சொல்லுறியளோ?"

யாரோ சிரித்தார்கள். எண்ணூறு வருடங்களுக்கு முன்பு கோயிலுக்குப் பொன் கொடுத்த பெண்களின் பெயர், எங்களிடம் வந்து சேரும்போது வசவாகித் தேய்ந்திருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே பேச்சில் மலரின் குரலுக்கு மரபைத் தேடிக் கொடுத்து, அவள் மானத்தை எடுத்துவிட்டேன். இதற்கு நான் வராமலே இருந்திருக்கலாம்.

"போன நவராத்திரிக்கு டொக்டரின்ர மனுசி பஞ்சபுராணம் பாடினவ," என்றேன். "அப்ப மரபு லீவில நிண்டதோ?"

உண்மையான காரணத்தை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அத்தனை பேரும் பயந்தோம். அதைச் சொல்லாமலிருப்பதற்காகத்தான் நாங்கள் கனடாவில் இவ்வளவு ஒழுங்காகப் பேசிப் பழகியிருக்கிறோம். பிறகு சிவபாலன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆருக்கும் தடையில்லை, ஆனால் சங்கீத ரீச்சர் ஒருவர் முன்னால் பாடி, உச்சரிப்பு சுத்தம் என்று சொல்லுவித்தால் பாடலாம்.

இந்த இடத்தில் ஜெனிவியேவ் காட்டிய ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. தீண்டத்தகாதது என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்து, பெரிய கோயிலைப் பார்க்க ஏங்கிய அடியார் ஒருவரின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். நெருப்பில் இறங்கிச் சுத்தமாகி, முனிவர் கோலத்தில் எழுந்து, உள்ளே போகிறார். ஆனால் அடியார்களை வரிசையாக வணங்கும் பழைய பதிகத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு சிறு தொடர். பெயர் இருக்கிறது, வணக்கம் இருக்கிறது. சாதியும் இல்லை, நெருப்பும் இல்லை. சில நூற்றாண்டுகளுக்குப் பின், கதையை விரித்து எழுதிய காலத்தில்தான் நெருப்பு வருகிறது. வணங்கின ஆளை உள்ளே விடவும் வேண்டும், வாசலில் சட்டத்தைக் காப்பாற்றவும் வேண்டும். அதற்கு ஒரு நெருப்பு தேவைப்பட்டிருக்கிறது.

"அப்ப ரீச்சர்தான் நெருப்போ தலைவர்?" என்றேன்.

"விளங்கேல்லை," என்றார் சிவபாலன். அவருக்கு விளங்கியிருந்தது.

மலரிடம் சொன்னேன். தேவரடியார் விஷயத்தை விட்டுவிட்டுச் சொல்லப் பார்த்தேன். அது அவளுக்கு முதலே போய்ச் சேர்ந்திருந்தது.

"உங்கட உதவிக்கு நன்றி அண்ணை," என்றாள். "இனி உதவி செய்யாதேங்கோ."

"ரீச்சரிட்டைப் போறீரோ?"

"நான் சோதினை எடுக்க வரேல்லை. கும்பிட வாறன்."

தேர் ஆடி மாதத்தில், கியூபெக் முழுக்கக் கட்டட வேலைக்காரருக்கெல்லாம் லீவு விடுகிற கிழமையில். சனம் நிறைந்திருந்தது. ஜெனிவியேவ் சேலை கட்டி, சிறிய ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தாள். தீபாராதனை முடிந்து, ஐயர் பஞ்சபுராணம் என்று அழைத்தார். வழக்கமாகப் பாடும் சிவபாலன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கும் பாட்டுக்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளி உண்டு. பின்வரிசையில், தாயின் கையைப் பிடித்தபடி, மலர் தொடங்கினாள்.

பாடத் தொடங்கிய திருமுறையை இடையில் மறிக்கக் கூடாது. இது மட்டும் எங்கள் எல்லாச் சாதிக்கும் பொதுவான பயம். சிவபாலன் திறந்த வாயை மூடி, கூரையில் தீயணைப்புக் குழாயைப் பார்த்தார். மற்ற நிர்வாகிகளும் ஒவ்வொருவராகக் கூரையைப் பார்த்தார்கள். ஐயர் கைகூப்பியபடி நின்றார். ஐந்தையும் பாடினாள், அவசரப்படாமல். இரண்டாவது பாட்டில் ஒரு சொல்லை விழுங்கினாள். ரீச்சர் இருந்தால் பிடித்திருப்பார். அவளுடைய தாய் அழவில்லை. சுற்றியிருந்தவர்கள் எழும்பிப் போகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் போகவில்லை. பாட்டு முடிந்தபிறகு அவர் முதன்முறையாகச் சுவாமியைப் பார்த்தார்.

வாசலில் நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜெனிவியேவ் கருவியோடு ஓடிவந்தாள். பதிவு நடக்கிறது என்று அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஐயா, இக்கோயிலில் பஞ்சபுராணம் பாடிய முதற் பெண் இவர்தானே?"

"இல்லை," என்றேன். உண்மை சில நேரங்களில் அப்படி வாய்தவறி வந்துவிடுகிறது. "முதல் பெண் இல்லை."

"அப்படியானால் அனைவரும் ஏன் மேலே பார்த்தனர்? இவர் எதில் முதல்வர்?"

இரண்டடி தள்ளி மலர் நின்றாள். தாய் ஒரு பக்கம். மறுபக்கம் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பிரெஞ்சில் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மலர் என்னைப் பார்த்துத் தலையை மிக இலேசாக ஆட்டினாள்.

"வேண்டாம் அண்ணை," என்றாள் மெதுவாக. "பிள்ளையளுக்கு உது தெரியாது."

நான் சொன்னால் அது ஒலிநாடாவில் நிற்கும். அந்தப் பிள்ளைகளோ அவர்களின் பிள்ளைகளோ ஒருநாள் ஒரு நூலகத்தில் அதைக் கேட்டு, தங்களுக்கு இல்லாத ஒரு சாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், இரண்டாயிரங்களில் மொன்ட்ரியால் கோயிலில் யாரும் யாரையும் தடுக்கவில்லை என்று வருங்காலத்தில் ஒருவர் ஆராய்ந்து பட்டம் வாங்குவார். பதிகத்தில் நெருப்பைச் சொல்லாமல் விட்டது யார், ஏன் விட்டார் என்று இத்தனை சனிக்கிழமைகளாக நாங்கள் பேசியிருக்கிறோம். விட்டவரும் இப்படி ஒரு வாசலில் நின்றிருக்கக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"மொன்ட்ரியால்-நோரிலிருந்து வந்து பாடிய முதல் ஆள்," என்றேன்.

ஜெனிவியேவ் என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள். மதுரையில் இரண்டு வருடம் இருந்தவளுக்கு ஊர்ப் பெயர் எதை மறைக்கச் சொல்லப்படுகிறது என்று தெரியாமல் இருக்காது. ஆனாலும் கருவியை நிறுத்தவில்லை. உள்ளே மணி அடித்தது. வெளியே பஸ் வந்து நின்றது. நான் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் ஒன்றுமில்லாமலும் படியில் நின்றேன். எந்தக் காலை அடுத்து வைப்பது என்று தெரியவில்லை.