மாடிக்குப் பாதி, கீழ்வீட்டுக்குப் பாதி

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பெண்கள் தங்கிப் படித்தோம். நான், கடலூர்க்காரி ஒருத்தி, திண்டிவனத்துக்கு உள்ளே தள்ளியிருந்த கிராமத்துக்காரி ஒருத்தி. கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார். பிரெஞ்சுப் பழக்கத்தில் தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். வீடு முழுவதற்கும் ஒரே மீட்டர். கரண்டு பில் வந்தால் மதாமுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. எங்கள் பாதியை மூன்றாக வகுத்துக்கொள்வோம்.

பில் ஏறிக்கொண்டே போனது. கிராமத்துக்காரியின் அண்ணன் ஒருநாள் வந்து, "வாடகை குடுக்கறேன், சாப்பாட்டுக்குக் குடுக்கறேன், லைட்டுக்குமா இவ்வளவு? அடுத்த பில்லும் இப்படியே வந்தா இவ பொட்டியத் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்போது கடைசி வருஷம். முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே சட்டம் போட்டேன். அறுபது வாட் பல்பைக் கழற்றி நாற்பது போட்டோம். அதன் அடியிலேயே மூன்று பேரும் படிக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை மொட்டைமாடியில் படிப்பு. அயர்ன் பாக்ஸ் பெட்டிக்குள் போனது. ஃபேன் ஒன்றாம் நம்பருக்கு மேல் போகக்கூடாது. யாராவது சுவிட்சை அணைக்காமல் வெளியே போனால் அன்றைக்குப் பாத்திரம் அவள் தலையில். கடலூர்க்காரி, "நீ படிச்சு முடிச்சதும் ஜெயிலுக்கு வார்டனா போடி" என்றாள். வேர்த்து வழிந்தாலும் ஒரே குஷியாக இருந்தது. எப்படியும் ஜெயித்துவிடுவோம் என்று நம்பினேன்.

பில் வந்தது. குறையவே இல்லை.

உள்ளங்கையில் இருந்த பில்லை முறைத்துக்கொண்டே மாடிப்படி இறங்கினேன். மீட்டர் படிக்கட்டின் அடியில் இருந்தது. கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு விறுவிறுவென்று சுற்றியது. ஓரத்தில் இருந்த கறுப்புக் கோடு வருவதும் மறைவதுமாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது, மேலே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே இறங்கினேன். பிறகு எதற்காக இந்தத் தட்டு இவ்வளவு வேகமாக ஓடுகிறது? தடதடவென்று மொட்டைமாடிக்கு ஓடிப்போய் இரண்டு பேரையும் இழுத்து வந்தேன்.

"மதாம், கொஞ்சம் வாங்க. ஒரு வேடிக்கை."

மதாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். சண்டை பிடிக்கத்தான் நினைத்திருந்தேன், ஆனால் உற்சாகத்தில் அது மறந்தே போனது. கீழ்வீட்டு சுவிட்சுகளை எல்லாம் மதாமே அணைத்தார். தட்டு அப்போதும் ஓடியது. கடைசியில் அவர் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். தட்டு அப்படியே நின்றது.

"மோன் தியே, கடவுளே," என்றார் மதாம்.

கடலூர்க்காரி மேலே போய் பல்பும் ஃபேனும் போட்டாள். தட்டு மெல்ல நகர்ந்தது. ஃபேனை ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்பச் சொன்னேன். பெரிய வித்தியாசமே தெரியவில்லை. மிச்சம் பிடித்ததாக நாங்கள் நினைத்த கரண்டில் பாதி அந்தக் காலத்து ரெகுலேட்டர் டப்பாவிலேயே சூடாகப் போயிருக்கிறது. இத்தனை நாள் வீணாக வேர்த்தோமே என்று மூவரும் சிரித்தோம். மறுபடி ஃபிரிட்ஜைப் போட்டதும் தட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

கிராமத்துக்காரிதான் ஃபிரிட்ஜ் கதவோரம் கையை வைத்துப் பார்த்தாள். "மதாம், இங்க ஜில்லுனு காத்து வருது." கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்துப் போயிருந்தது. குளிர் வெளியே போகப் போக ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடியிருக்கிறது. மதாமின் பாதியும் அதனால்தான் ஏறியிருந்தது. நாங்கள் மிச்சம் பிடித்ததிலும் பாதி அவர் கணக்குக்குத்தான் போயிருந்தது.

மதாம் ரோஷக்காரர். "என் ஃபிரிட்ஜுக்கு நீங்க ஏன் அழணும்?" என்றார். அந்த வாரமே ரப்பர் மாற்றினார். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாடிக்குத் தனியாக ஒரு சின்ன மீட்டரும் மாட்டினார். பெரிய மீட்டர் காட்டும் யூனிட்டில் சின்ன மீட்டரின் யூனிட்டைக் கழித்தால் மிச்சம் அவருடையது. எங்கள் யூனிட்டுக்கு மட்டும் நாங்கள் கொடுத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். பஸ் மேல் பெட்டியைக் கட்டக் கயிறும் கொண்டு வந்திருந்தார். குறையாமல் வந்த அந்தப் பில்லைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிராமத்துக்காரி அவர் கையைப் பிடித்துச் சின்ன மீட்டருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இது எங்க மீட்டரு. ஃபேன் ஓடுது, பாருண்ணே."

அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம கெணத்து மோட்டருக்கு மீட்டரு பம்பரமாட்டம் சுத்தும். இது என்னா, தூங்குதா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

அவர் மாடிக்கு ஏறினார். அவள் பெட்டியைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போனார். அங்கே இருந்த இரண்டு கம்பத்துக்கும் நடுவில் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டி, தொங்கிப் பார்த்து, "துணி காயப் போட கொடியே இல்லியே உங்களுக்கு" என்றார்.