எவலின் ஒட்டிய மார்ச் மாதத் தாள்

பூச்சோங்கிற்கு ஆபீஸ் மாறுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் ஐந்து வருஷம் குப்பை கொட்டிய இடம். பெட்டி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அலமாரியை நகர்த்தியதும், அதன் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாள் ஒன்றைத் தனேஷ் பிய்க்கப் போனான்.

"தொடாதடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"என்ன மாதவி, பேய் மாதிரி கத்துற? பழைய பேப்பர்தானே லா."

பழைய பேப்பர்தான். ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பென்சிலில் கோடு போட்டு எவலின் எழுதியது. அவள் இப்போது ஈப்போவில் இருக்கிறாள். நாற்பது வயதில் திடீரென்று ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு வாரம்தான் அவகாசம் கொடுத்துப் போய்விட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவள் இல்லாமல் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஆபீஸே வெறிச்சோடிக் கிடக்கிறது.

எவலின் எங்களுக்குக் கணக்குப் பார்த்தவள். வாரத்தில் இரண்டு நாள்தான் எங்களுக்கு, மற்ற நாள் வேறு கம்பெனிகளுக்கு. என்னைவிட ஒரு வயது சின்னவள். அவள் அப்பா இருதயம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். வரும்போதே கீழ்க்கடையில் இரண்டு வடையும் ஒரு டீயும் வாங்கி வருவாள். எனக்கு வாங்க மாட்டாள். ஆனால் அவளுடைய இரண்டில் ஒன்றை நான் தின்பேன் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது வாங்கு என்று நானும் சொன்னதில்லை.

எங்கள் தொழில் லோரி கம்பெனிகளுக்கு ஒரு செயலி. எந்த லோரி எங்கே போகிறது, சரக்கு இறங்கியதா, கையெழுத்து வாங்கியாச்சா என்பதெல்லாம் கைப்பேசியில் தெரியும். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் கிள்ளான் துறைமுகத்துப் பக்கத்துச் சீன முதலாளிகள், எங்கள் பேச்சில் தவுக்கேக்கள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு, மார்ச் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு வங்கியில் மூன்று லட்சத்துப் பத்தாயிரம் வெள்ளி. வெள்ளைப் பலகையில் நானே ரன்வே போட்டேன். அதாவது, கையில் இருக்கும் காசு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. மாதச் செலவு ஐம்பத்தெட்டாயிரம். புதிதாக இரண்டு பேரை எடுத்தால் ஈபிஎஃப், சொக்சோ என்று அரசாங்கத்துக்குக் கட்டுவதெல்லாம் சேர்த்து இன்னும் பதினாறாயிரம். கடைசி மூன்று மாத வரவு இருபத்து நான்கு, முப்பது, அறுபது. சராசரி முப்பத்தெட்டு. ஆக, மாதம் முப்பத்தாறாயிரம் குறையும். எட்டரை மாதம் தாங்கும். நவம்பர் வரைக்கும் பயமில்லை. முதலீட்டாளர்களிடம் பேசிப் பணம் வாங்க ஆறு மாதம் போதும்.

எடுக்கப்போகும் இருவரில் ஒருவன் தனேஷ். கல்லூரியில் என் கூடப் படித்தவன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருஷமாக நல்ல வேலை. மனைவி நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். "வாடா, சேர்ந்து செய்வோம்" என்று நான்தான் நச்சரித்தேன். திங்கட்கிழமை அங்கே ராஜினாமாக் கடிதம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான்.

எவலின் வடையைத் தின்றுகொண்டே பலகையைப் பார்த்தாள்.

"மாசம் எவ்ளோ பில் போடுறோம்?"

"இருபத்தேழாயிரம்."

"அப்ப மாசா மாசம் முப்பத்தெட்டு எங்கேர்ந்து வரும்? வானத்துலேர்ந்தா?"

"வந்திருக்கே! பேங்க்ல பாரு!"

"வந்தது பழைய பாக்கி மாதவி. சீனப் பெருநாளைக்கு முன்னால கடன் வைக்கக் கூடாதுன்னு தவுக்கேங்க எல்லாத்தையும் செட்டில் பண்ணிட்டாங்க. ஜனவரி பில் வரைக்கும் கட்டியாச்சு. இனிமே வாங்குறதுக்குப் பாக்கியே இல்ல. பிப்ரவரி பில்லு காசு மே மாசம்தான் வரும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கு எப்பவும் இதே பாட்டுதான்! எது செய்யப் போனாலும் குறுக்கே நிப்ப. நீ கணக்கு எழுது, முடிவு நான் எடுக்குறேன்!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சண்டை போடுகிறவளாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மெல்லச் சொன்னாள்.

"போன கம்பெனியில நானும் சராசரிதான் போட்டேன். பாஸ் கேட்டாரு, போட்டுக் கொடுத்தேன். பதினோரு பேருக்கு ரெண்டு மாசச் சம்பளம் போச்சு. அதுல ஒரு பொண்ணு என்கிட்ட வந்து, அக்கா, உங்களுக்கு முன்னாலேயே தெரியாதான்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல மாதவி. தெரிஞ்சிருக்கணும், தெரியல." மிச்ச டீயைக் குடித்தாள். "நாளைக்குக் காலையில கிள்ளானுக்கு வா. வந்துட்டு அப்புறம் என்னைத் திட்டு."

இதுதான் அவள் வழக்கம். பணம் கொடுக்க வேண்டியவன் என்றைக்குக் காசோலையில் கையெழுத்துப் போடுவான் என்று நேரில் போய்க் கேட்டு வருவாள். பில்லில் இருக்கும் தேதியை அவள் நம்புவதே கிடையாது. ஒவ்வொரு கம்பெனியிலும் கணக்கு எழுதும் கிராணியின் பெயரும், அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை முறைத்துக்கொண்டே கார் ஓட்டினேன். எங்கள் பெரிய வாடிக்கையாளரின் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர் வீரம்மா. இருபது வருஷமாக அங்கேயே இருக்கிறார்.

"ஆன்டி, எங்க பில்லு மார்ச்சுல எவ்ளோ வரும்?" என்று எவலின் கேட்டாள்.

வீரம்மா சிரித்தார். "மார்ச்சுலயா? யாருக்கும்மா வரும்? இப்பதானே எல்லாருக்கும் துடைச்சுக் கொடுத்தோம். தவுக்கே இனி தொண்ணூறு நாள் கணக்குதான் பார்ப்பாரு. வருஷா வருஷம் இப்படித்தானே லா. எல்லா லோரி கம்பெனியும் இதே கதைதான்."

பெருநாளுக்கு முன் கடனைத் தீர்ப்பார்கள் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் காசு என் கணக்கில் விழுந்ததும், அது என் சாமர்த்தியம் என்று நினைத்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் எவலின் பெரிய தாளை விரித்தாள். மேலே மாதங்கள், பக்கத்தில் வரவு, செலவு, புது ஆள். மார்ச்சில், தவுக்கேக்கள் அல்லாத மற்றவர்கள் கட்டும் எட்டாயிரம்தான் வரவு. ஏப்ரலில் பத்தாயிரம். மே மாதத்திலிருந்து இருபத்து நான்கு, இருபத்தைந்து என்று மெல்ல ஏறியது. புது ஆட்களின் சம்பளம் ஏப்ரலிலிருந்து. அவர்களுக்கு மடிக்கணினி, மேசை என்று ஒரு பத்தாயிரம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மிச்சம் என்ன என்று எழுதிக்கொண்டே போனாள். ஜூலை முடிவில் முப்பத்தொன்பதாயிரம். அடுத்த மாதக் கட்டத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஒன்பதாயிரம் குறைகிறது.

எட்டரை மாதம் ஐந்தாகிவிட்டது. முதலீட்டாளர் பணம் வருவதற்குள் சம்பளம் போட முடியாது.

"புது ஆள் இல்லன்னா?" என்றேன்.

கீழே இன்னொரு வரி போட்டாள். "அக்டோபர் கடைசி வரைக்கும் இழுக்கலாம். தீபாவளி போனஸா அரைச் சம்பளம் கொடுத்தா கையில ரெண்டாயிரம் மிஞ்சும். தனேஷுக்கு இப்பவே போன் பண்ணு. காசு இல்லன்னு உண்மையச் சொல்லு."

போன் பண்ணினேன். உண்மையைச் சொல்லவில்லை. அத்தனை பெருமை பேசிவிட்டு, காசு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கொஞ்சம் தள்ளி வச்சிருக்கோம்டா, போர்டு மீட்டிங்ல ஏதோ பேசிக்கிறாங்க" என்று மழுப்பினேன்.

"திங்கக்கிழமை லெட்டர் கொடுக்கப் போறேன், இப்பப் போய் சொல்ற? ஆளை வச்சு விளையாடுறியா?" என்று கத்திவிட்டு வைத்தான். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. எவலினுக்கு நான் பொய் சொன்னது தெரியும். பக்கத்தில்தானே இருந்தாள். வடையில் பாதியை என் பக்கம் தள்ளினாள், அவ்வளவுதான்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது. அப்போது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செவ்வாய்தோறும் எவலின் தாளின் முன் நின்று, வந்த காசைப் பென்சிலில் திருத்துவாள். நான் பின்னால் நின்று புலம்புவேன். கீழே பூக்கடையில் மல்லிகை வாசம் ஏறி வரும். கோயில் மணி, மோனோரயில் சத்தம், எங்கள் சண்டை எல்லாம் ஒன்றாகக் கேட்கும். முதலீட்டுப் பணம் செப்டம்பர் இருபத்தாறாம் தேதி வந்தது. அன்று முதல்முறையாக எவலின் நான்கு வடை வாங்கி வந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு நான்தான் வெட்கத்தை விட்டுத் தனேஷை அழைத்தேன். ஜனவரியில் வந்து சேர்ந்தான். பழசை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அவன் தாளுக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தான்.

"இதுல என் பேரு இருக்கே."

'புது ஆள்' என்ற வரியில் எவலினின் குண்டுக் கையெழுத்து. தனேஷ், ஏப்ரல். அவன் விரல் அந்த வரியிலேயே நகர்ந்து, மே, ஜூன், ஜூலை தாண்டி, சிவப்புக் கட்டத்தில் வந்து நின்றது.

"போர்டுல பேசிக்கிறாங்கன்னு சொன்னியே?"

"பொய்டா. காசு இல்ல. சொல்ல வெட்கமா இருந்துச்சு. எவலின்தான் கண்டுபிடிச்சா. நான் உன்னை நடுத்தெருவுல நிறுத்தப் பார்த்தேன்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் மகள் ஆகஸ்டு மாதம் பிறந்தவள். மூன்று வாரம் முந்திப் பிறந்து, பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவள். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியைக் கட்டியது அந்த ரவாங் கம்பெனிதான்.

கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுத்தான். தாளின் நான்கு மூலையிலும் டேப்பை நிதானமாக வெட்டினான். கிழியாமல் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டான்.

"எவலினோட ஈப்போ நம்பர் இருக்கா?" என்றான்.

கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று அழைத்தான். அந்தப் பக்கம் எடுத்ததும், "எவலின், நான் தனேஷ் பேசுறேன்" என்றான். தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.