உரிமையாளர்களுக்கு மட்டும் நின்ற லிப்ட்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் செயலாளர் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை, தலையில் கட்டிவிடுவார்கள். மூன்றாவது மாடி அக்காவின் தலையில் கட்டி ஆறு வருடமாகிறது. பகலெல்லாம் பள்ளி அலுவலகத்தில் வேலை. வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும் முன்பே, தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டு நாய் தூங்க விடவில்லை என்று வாசலில் ஆள் நிற்கும். விட்டுத் தொலைக்கலாம் என்று அடிக்கடி நினைப்பாள். வேறு யாராவது முன்வந்தால்தானே!

புதன்கிழமை லிப்டின் இரும்புக் கயிற்றை மாற்றுவதாக இருந்தது. அறிவிப்பு அடிக்க உட்கார்ந்தவளுக்குக் கண் சொக்கியது. போன பொதுக்குழு அறிவிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததை அழித்து, பகல் முழுக்க லிப்ட் ஓடாது என்று எழுதினாள். 'மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர்களுக்கு' என்ற முதல் வரி அப்படியே நின்றுவிட்டது. பொதுக்குழுவுக்கு அது சரிதான், ஓட்டுப் போடுகிறவர்கள் அவர்கள். லிப்டில் ஏறுகிறவர்கள் அவர்கள் மட்டுமா?

புதன் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் சத்தம். ஐந்தாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் டிரைவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். அவருடைய அப்பாவுக்கு அன்றுதான் மாவுக்கட்டுப் பிரிக்கும் நாள்.

"லிப்ட் ஓடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?"

"போர்டுல ஒட்டியிருந்தேனே தம்பி, பாக்கலையா?"

"பாத்தேன். ஓனருங்களுக்குன்னு போட்டிருந்துச்சு. கூட்டத்துக்கு வந்தப்ப, இது ஓனருங்க விஷயம், நீங்க போங்கன்னு சொன்னீங்களே. அதான் மேல படிக்கல."

சொன்னது அவளேதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கீழே ஓடி மெக்கானிக்கைக் கேட்டாள்.

"கயித்தைக் கழட்டியாச்சும்மா. இனி வேலை முடியாம நகராது."

டாக்டரோ மத்தியானத்துக்கு மேல் இருக்கமாட்டார். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து டிரைவரும் காவலாளியும் தூக்கினார்கள். கட்டுப் போட்ட காலை அக்கா தாங்கிப் பிடித்தாள். மாடிக்கு மாடி இறக்கி வைத்து இளைப்பாறினார்கள்.

"சும்மா சொல்லக்கூடாது, லிப்ட்ல போனா இவ்வளவு மரியாதை கிடைக்காது" என்றார் பெரியவர்.

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. தாமதத்துக்குப் பள்ளியில் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் மெக்கானிக், நாளையும் வேலை இருக்கிறது என்று கையை விரித்தார். அக்கா புதிதாக ஒரு தாளில் தொடங்கினாள்: 'நம் குடியிருப்பில் வசிக்கும் அனைவருக்கும் வணக்கம்.' போர்டில் ஒட்டியதோடு, வீட்டுக்கு வீடு ஒரு பிரதியும் கொடுக்கச் சொல்லிக் காவலாளியை அனுப்பினாள். பிறகு கட்டிலில் சாய்ந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அந்தத் தாளோடு டிரைவர்.

"அப்பாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சுக்கா. அது இல்ல விஷயம். அனைவருக்கும்னு போட்டிருக்கீங்க, அப்ப நாங்களும் கேக்கலாமில்ல?"

"கேளுங்க தம்பி."

"பாத்ரூம் பக்கமா போற பொதுக் குழாய் ஒழுகுது. சுவரெல்லாம் ஊறிப்போச்சு."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினாள். படியில் மேலும் செருப்புச் சத்தம் கேட்டது.

"நாலாவது மாடில வாடகைக்கு இருக்கறவங்களும் வர்றாங்கக்கா" என்றார் அவர்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய் இன்னும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.