மேற்பார்வையாளர் பக்கம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்திலுள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், வேலைத் திருப்தி பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. அங்கிருந்த மனிதவள மேலாளருக்கு முதல் நாளே என்னைப் பிடிக்கவில்லை.

"திருப்தியா இல்லையான்னு ஒரே கேள்வி போதாதா? எதுக்கு இத்தினி?"

"அப்படிக் கேட்டா எல்லாரும் ஆமான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க சார். எது பிடிக்குது, எது பிடிக்கலைன்னு தெரியாது."

சம்பளம், வேலையின் தன்மை, பதவி உயர்வு, சக தொழிலாளர்கள், மேற்பார்வையாளர் என்று திருப்தியைப் பிரித்திருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் சில வாக்கியங்கள். 'முற்றிலும் மறுக்கிறேன்' முதல் 'முற்றிலும் ஏற்கிறேன்' வரை ஐந்தில் ஒன்றை வட்டமிட வேண்டும். மதிப்பெண்களைக் கூட்டினால் ஒவ்வொரு கூறும் தனியாகத் தெரியும்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் வினாத்தாளைச் சோதித்துப் பார்த்தேன். பேர் எழுத வேண்டாம் என்று சொல்லியும், ஒரு பெண் தாளை என் கையிலேயே திருப்பித் திணித்தாள்.

"பேரு இல்லன்னா மட்டும்? கையெழுத்தப் பார்த்தே கண்டுபுடிப்பானுங்க. எங்க வேலைக்கு ஒல வெக்க வந்துகிறியா?"

அன்றிரவே, கடைசியில் வைத்திருந்த, கையால் பதில் எழுதும்படியான கேள்விகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வட்டமிடுவதை மட்டும் வைத்தேன். 'மேற்பார்வையாளரும் சக தொழிலாளர்களும் என்னை மதிக்கிறார்கள்' என்ற வாக்கியத்துக்கு, தாளை நிரப்பித் தந்தவர்களில் பலரும் நடுக்கட்டத்தையே வட்டமிட்டிருந்தார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு தரப்பைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன செய்வார்கள்? இரண்டாகப் பிரித்தேன்.

திருத்திய தாளைப் பார்த்த மேலாளர், மேற்பார்வையாளர் பகுதி முழுவதையும் அடித்தார்.

"இத எடுத்துட்டு நடத்து. வேணும்னா லீவு கணக்கு தரேன். யாரும் லீவே போடறதில்ல. அப்ப திருப்தியாத்தானே கீறாங்க?"

"லீவு போட்டா ஊக்கத்தொகை போயிடும்னு வராங்க சார். அது வருகையைத்தான் காட்டும். மேற்பார்வையாளரை விட்டுட்டா, இதுக்கு வேலைத் திருப்தின்னு பேர் வைக்கவே கூடாது."

"எங்க கம்பெனிக்குள்ள வந்து எனக்கே பாடம் எடுக்கிறியா? கெளம்பு."

வாயிற்காவலரிடம் என் அனுமதிச் சீட்டை வாங்கி வைக்கச் சொன்னார். கல்லூரியில் என் நெறியாளரும் திட்டினார்.

"ஒரு பகுதிதானே போகுது? பட்டம் வேணுமா, சண்டை வேணுமா?"

"அந்தப் பகுதி இல்லாம எந்த முகத்தோட முடிவு எழுதுவேன்?"

அவர் கதவைக் காட்டினார். சில வாரங்கள் என் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை.

கடைசியில் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் சம்மதித்தது, எந்தப் பகுதியையும் வெட்டாமல். வாக்கியங்களை அறை சுத்தம் செய்பவர்களுக்குப் பொருந்தும்படி மாற்றி, மறுபடி சோதித்து, ஆய்வை முடித்தேன். சம்பளத்தில் மதிப்பெண் குறைவு. மேற்பார்வையாளரில் அதைவிடக் குறைவு. நெறியாளர் ஆய்வேட்டில் கையெழுத்திட்டார்.

ஜி.எஸ்.டி. சாலையில் அந்தத் தொழிற்சாலையைக் கடக்கும்போது இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.