சம்பளச் சீட்டில் கூடுதலாக ஒரு வரி

அந்த மாதச் சம்பளம் ஒரு நாள் கூலி குறைவாக வந்தது. மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, லீவு கீவு போட்டீங்களா?"

சம்பளம் பிடிக்கிற மாதிரி எதுவும் போடவில்லை என்றேன். வாழப்பாடியில் மைத்துனன் வீட்டுப் புதுமனை விசேஷத்துக்குப் போன நாட்களுக்கு முறையாக விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குச் சம்பளம் பிடிக்கமாட்டார்கள். பையனின் பள்ளி வேனுக்குக் கட்ட வேண்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றாள். சீட்டைப் பார்த்தேன். பி.எப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் எல்லாம் வழக்கம் போல இருந்தன. கடைசியில் ஒரு வரி புதிதாக, இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன்.

நூல் மில்லில் இத்தனை வருஷத்தில் ஹெச்.ஆர். அறைக்குள் நான் தனியாகப் போனதில்லை. போனாலும் வாய் வராது. என் நண்பர்தான் எனக்காகப் பேசுவார். ஜேடர்பாளையத்துக்காரர், ஸ்பின்னிங்கில் பிட்டர். பல வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தோம். "இவன் நாக்க ஊட்டுல வெச்சுட்டு வந்துருவானுங்க, நான்தான் வாடகைக்குப் பேசறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். பிறகு என்னை நூல் கோன்களைப் பெட்டி போடும் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இரண்டாம் யூனிட்டில் இருந்தார்.

காய்ச்சல் என்று அவர் லீவில் இருப்பது தெரியும். வாழப்பாடியில் என் செல் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுப்போனது. புதுசு வாங்கினேன், அவர் நம்பர் அதில் இல்லை. திரும்பி வந்திருப்பார் என்று நினைத்து ஷிப்ட் விடும் நேரத்தில் இரண்டாம் யூனிட் கேட்டில் நின்றேன். அவர் வரவில்லை. வெளியே வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சம். மறுநாள் வேறு வழியில்லாமல் நானே ஹெச்.ஆருக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றினேன். "போட்டுட்டே வாங்கண்ணா" என்றது அங்கிருந்த பெண். சேலம் டவுன்காரப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. சீட்டை நீட்டி அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுங்களா? குடும்ப நல நிதிண்ணா. வேலைல இருக்கறவங்க யாராச்சும் தவறிட்டா, எல்லாருக்கும் ஒரு நாள் சம்பளம் புடிச்சு அவங்க வீட்டுக்குக் குடுக்கறது. சேரும்போதே சம்மதம்னு கையெழுத்து வாங்கியிருப்பாங்க. ரொம்ப வருஷமா யாரும் தவறல, அதான் உங்களுக்கு மறந்திருக்கும்."

கம்ப்யூட்டரில் தேடி என் கையெழுத்தைக் காட்டியது. என்னுடையதுதான்.

"வேணாம்னா எழுதிக் குடுங்கண்ணா. அடுத்த மாசச் சம்பளத்துல திருப்பிப் போட்டுருவாங்க. நெறையப் பேரு வந்து கேக்கறாங்க, தப்பில்ல."

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளியது. வேன் காசு நினைவுக்கு வந்தது. பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் இறந்தவர் யாரென்று தெரியாமல் எழுதுவது சரியாகப் படவில்லை.

"யாருங்க மேடம் தவறுனது?"

"செகண்ட் யூனிட் பிட்டருண்ணா. டெங்குன்னு சேலத்துல சேத்திருந்தாங்க. ஜேடர்பாளையத்துக்காரரு."

எனக்குக் காது அடைத்தது. அந்தப் பெண்ணின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்தது. மூடியையும் அதுவே திறந்து கொடுத்தது.

"அண்ணா... உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

தாளை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வந்தேன். படியிறங்கும்போது கையில் அவர்கள் பேனா இருந்தது.

பேக்கிங் பகுதியில், என்னோடு வேலை செய்யும் ஆட்டையாம்பட்டிக்காரன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே கனமான பெட்டிகளை என்னைத் தூக்க விடமாட்டான். டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவான். என் இடுப்பு வலிக்காகச் செய்கிறான் என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்ணா மொகம் இப்புடி இருக்குது? ஹெச்.ஆருக்குப் போனீங்களே, ஏதாச்சும் சொன்னாங்களா?"

"எப்ப எடுத்தாங்க?" என்றேன்.

"எதைங்ணா?"

"நம்ம பிட்டரை."

டேப்பைப் பெட்டி மேல் வைத்தான்.

"நீங்க வாழப்பாடில இருந்தே எழவுக்குப் போயிட்டு வந்தீங்கன்னு நெனச்சமுங்ணா. வந்ததுல இருந்து ஒரு வார்த்த பேசல நீங்க. உங்ககிட்ட அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு எல்லாருகிட்டயும் நான்தானுங்ணா சொல்லி வெச்சேன்."

நான் எப்போதுமே பேசாதவன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவன் என் முழங்கையைப் பிடித்துப் பெட்டி மேல் உட்காரவைத்தான். எதிர்ப்புறத்தில் இரண்டாம் யூனிட்டின் சங்கு ஊதியது. ஷிப்ட் விட்டு ஆட்கள் கேட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.