பால்சுறாவுக்கு ஒரு பெட்டி ஐஸ்

என் கணவருக்கு எதிலும் திமிர் கிடையாது, ஐஸ் விஷயத்தைத் தவிர. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் மீன் வாங்கி, பெட்டிகளில் ஐஸ் போட்டு, பின்னேர லொறியில் கொழும்புக்கு அனுப்புவது அவருடைய தொழில். எந்தப் பெட்டியில் எவ்வளவு ஐஸ் எத்தனை மணிக்குத் தண்ணீராகும் என்று கேட்டால் போதும், பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவார். அந்தத் திமிர் உடைந்ததை நான் ஒரே ஒரு நாள் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஒரே மகள் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். கல்யாணத்துக்கு இவர் தடை சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டாளே என்ற கோபத்தில் இரண்டு வருடமாக அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கேட்டால் தொழில், லொறி, மழை என்று ஏதாவது சாட்டுச் சொல்லுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

பிள்ளைப்பேற்றுக்கு நான் போயிருக்க வேண்டும். நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டுவிட்டது. எனக்குத் தண்ணீர் வார்க்க முதலே குழந்தை பிறந்துவிட்டது, சம்பந்தியம்மாதான் கூட இருந்து பார்த்தா. குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் மகளின் கடிதம் வந்தது. பால் போதவில்லை, குழந்தை இராப்பகலாக அழுகிறது, இங்கே நல்ல மீனைக் கண்ணாலும் காண முடியாது என்று எழுதியிருந்தாள். கடைசியில், "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்று ஒரு வரி. நான் சொல்லவில்லை. கடிதத்தை மேசையில் விரித்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு பால்சுறாவோடு வந்து நின்றார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க, சுறாவை அவித்து உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்து வறையாகக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் சுறா பொல்லாத மீன். குளிர் கொஞ்சம் குறைந்தாலும் அமோனியா போல மூக்கைக் குத்தும் ஒரு நாற்றம் அடித்துவிடும். பிறகு எந்தப் புளியாலும் அதைச் சரிப்படுத்த ஏலாது. அவர் குடலை எடுத்து, இரத்தம் போகக் கழுவி, வயிற்றுக்குள்ளும் நொறுக்கிய ஐஸை அடைத்தார். இரட்டைப் பலகைக்கு நடுவே மரத்தூள் நிரப்பிய சின்னப் பெட்டி. மீனின் எடையைப் போல இரண்டு மடங்கு ஐஸ்.

"இவ்வளவு ஐஸ் காணுமே?" என்று கேட்டேன்.

"கொழும்புக்குப் போற பெட்டிக்கும் இவ்வளவுதான். அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் நிக்கும். நீ வெளிக்கிடு."

ஆறு மணிக் கண்டி பஸ்சில் ஏறினோம். மீன் பெட்டியை உள்ளே ஏற்ற ஏலாது என்று கண்டக்டர் சொன்னார். இவரும் வாதாடாமல் கூரையில் ஏற்றிக் கட்டினார். அவருடைய ஐஸ் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தம்புள்ளையில் பஸ் தேநீருக்கு நின்றது. பத்தரை மணி இருக்கும், வெயில் சுட்டெரித்தது. பெட்டியைப் பார்க்கக் கூரைக்கு ஏறியவர் வெகுநேரம் இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தேன். பெட்டியின் அடித்துளையில் சொருகியிருந்த றப்பர் குழாயின் கீழே ஒரு வெறும் தகரப் பால்பேணியைப் பிடித்தபடி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். இறங்கி வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை.

"ஒன்பது நிமிசத்தில ஒரு பேணி நிறையுது" என்றார். "பாதிக்கு மேலே போயிட்டுது. இப்பிடியே போனால் கண்டி தாண்ட முதல் முடிஞ்சிடும்."

"நாளைக்கு மத்தியானம் வரை நிக்கும் எண்டீங்கள்?"

"லொறியில நாப்பது பெட்டி ஒண்டோடொண்டு ஒட்டி நிக்கும். எல்லாம் குளிர்ப் பெட்டி. உள்ளுக்க நிக்கிற பெட்டிக்குச் சூடு எங்கால வரும்? அதோட அது இரவுப் பயணம். இது வெயிலுக்க தனிய நிக்குது. எல்லாப் பக்கத்தாலயும் சூடு ஏறுது. நான் அதை யோசிக்கேல்ல." பேணித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, "இருபது வருசமா இந்த வேலை செய்யிறன்" என்றார்.

திட்டுவதற்கு நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் அவர் வெறும் பேணியை விடாமல் பிடித்தபடி திரும்பத் திரும்பக் கூரையையே அண்ணாந்து பார்த்தார். இந்த மீனை வைத்துத்தான் அவர் மகளின் வீட்டுக்குள் நுழைய நினைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாறிப்போன சுறாவோடு அந்த வாசலில் நிற்க அவரால் முடியாது. பாதி வழியில் திரும்பிவிடுவார்.

கண்டக்டரிடம் நானே போனேன். "தம்பி, பிள்ளை பெத்தவளுக்குக் கொண்டு போற பால்சுறா. தண்ணி ஒரு சொட்டும் கீழே விழாமல் பேணியில பிடிக்கிறன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "பின் சீற்றுக்குக் கீழே தள்ளுங்கம்மா" என்றார்.

பெட்டியை இறக்கி உள்ளே தள்ளியதும் வெயில்பட்ட சூடு விட்டது. இனிச் சுவர் வழியாக ஏறும் சூட்டைக் குறைக்க வேண்டும். என் மூட்டையை அவிழ்த்தேன். குழந்தைக்கென்று துவைத்து மடித்த பழைய பருத்திச் சேலைகள், குளிருக்குக் கொண்டுவந்த இரண்டு கம்பளிகள். எல்லாவற்றையும் பெட்டியைச் சுற்றியும் மேலும் கீழும் கனமாகச் சுற்றினோம்.

"பிள்ளைக்கு வைச்ச சீலை" என்று இவர் தயங்கினார்.

"தோய்ச்சுக் குடுப்பன். நீங்கள் இறுக்கிக் கட்டுங்கோ."

ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று திறந்து பார்க்க எனக்குக் கை துருதுருத்தது. "மூடியில கை வைக்காதை. ஒருக்காத் திறந்தால் உள்ள குளிர்க்காத்து முழுக்கப் போயிடும்" என்று பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டார். பேணியை மட்டும் பார்த்தோம். மாத்தளையில் ஒரு பேணி நிறைய இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. அவருக்கு மூச்சு வந்தது.

கண்டியில் வேறு ஐஸ் தேட நேரம் இருக்கவில்லை, நுவரெலியா பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. மலை ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. பேணி நிறைய நாற்பது நிமிடம் ஆனது. மற்றப் பயணிகள் கம்பளியைப் போர்த்தியிருக்க, எங்கள் கம்பளிகளைச் சுறாவுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி வெடவெடத்துக்கொண்டிருந்தோம். கல்யாணமான புதிதில்கூட அவர் என்னோடு அவ்வளவு நெருங்கி இருந்ததில்லை.

மகளின் வீட்டை அடைந்தபோது மாலை ஆறு மணி. வாசலில் நின்றவளைச் சரியாகப் பார்க்காமலே பெட்டியைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேதான் மூடியைத் திறந்தார். இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுத் துழாவினார். மீனைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"ஐஸ் கிடக்கு" என்றார். "மீன் கடலில கிடந்த மாதிரி இருக்கு."

மகள் குழந்தையைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்து கைகளை முதுகுக்குப் பின்னே மறைத்தார்.

"கை ஐஸாக் கிடக்கு பிள்ளை. குழந்தைக்கு ஆகாது."

அவள் குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, அப்பாவின் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்தாள். "ரெண்டு வருசம் வராமல் இருந்திட்டன்" என்று அவர் சொன்னார். கண்ணீர் தாடியில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

சுறாவை வெட்ட மகளிடம் கத்தி கேட்கலாமென்று கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போனபோது, நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடாக இருந்தது.

"விடடி, கை சூடாயிட்டுது" என்றேன் மகளிடம்.

"இல்லையம்மா" என்றாள் அவள். "இன்னும் குளிருது."

இவரும் ஓம் என்று தலையாட்டினார்.